டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரை எழுதுவது எப்படி: கோடிங் மேஜையிலிருந்து ஒரு வழிகாட்டி

54 வயது மனிதர், சொந்தமாக இரும்புப் பட்டறை வைத்திருப்பவர். ஆறு நாள் உள்நோயாளியாக இருந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறார். மகன் இன்சூரன்ஸ் கவுன்டரில் நிற்கிறார். ஃபைல் என் மேஜைக்கு வருகிறது. சம்மரியில் டயக்னோசிஸ் என்ற தலைப்பின் கீழ் இருந்தது இவ்வளவுதான்:

ஃபீவர் ஃபார் இவாலுவேஷன்
? செல்லுலைட்டிஸ் லெக்
கேசிஓ டிஎம்
ரீனல் ஃபெயிலியர்

வைத்தியத்தில் ஒரு குறையும் கிடையாது. சிவந்து வீங்கியிருந்த கால் வடிந்துவிட்டது, காய்ச்சல் போய்விட்டது, மனிதர் நடந்தே வெளியே வந்தார். ஆனால் இந்த நான்கு வரிகளை மட்டும் படிப்பவருக்கு, ஏதோ காய்ச்சலுக்கு டெஸ்ட் எடுக்க வந்த, வெகுநாளாகச் சர்க்கரை நோயும் கெட்டுப்போன கிட்னியும் உள்ள ஒருவர்தான் கண்ணுக்குத் தெரிவார். இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் படிக்கப்போவதும் இதைத்தான்.

தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் கோடிங்கும் கிளெய்ம் சரிபார்ப்பும் என் வேலை. அதற்கு முன்பு சென்னையில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குக் கோடிங் செய்தேன். சம்மரி எழுதும் டியூட்டி டாக்டர்களையும், புதிதாக இந்த வேலைக்கு வரும் கோடர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பட்டறைக்காரரின் ஃபைலையே கடைசி வரை கையில் வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதிருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில், கோடரின் கை எதுவரை நீளும்

டாக்டர்கள் பலரும் என்னிடம் கேட்பது: “லேப் ரிப்போர்ட் எல்லாம் ஃபைலில் இருக்கிறதே, பார்த்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே?” போட முடியாது. கிரியாட்டினின் 2.3 என்று என் கண்ணுக்குத் தெரிந்தாலும், “திடீர் சிறுநீரகப் பாதிப்பு” என்று நானாக எழுத எனக்கு உரிமை இல்லை. நோயைத் தீர்மானிப்பது சிகிச்சை அளித்த டாக்டர். அவர் எழுதிய சொல்லை ஐசிடி-10 குறியீடாக மாற்றுவது மட்டும் என் வேலை. அவர் எழுதாததை நான் சேர்த்தால் அது தவறு. அவர் மங்கலாக எழுதினால் என் குறியீடும் மங்கலாகத்தான் இருக்கும்.

அந்தக் குறியீடு எங்கே போகிறது? கிளெய்ம் படிவத்தின் பார்ட் பி-யை மருத்துவமனைதான் நிரப்ப வேண்டும். முதன்மை நோய், கூடுதல் நோய், உடன் இருக்கும் நோய்கள் என்று அதில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐசிடி எண். இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் கிளெய்மைப் பார்க்கும் நிறுவனமான டிபிஏ-வில் இருக்கும் டாக்டர் அந்தக் கட்டங்களையும் சம்மரியையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மூன்றும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்.

மேலே சொன்ன நான்கு வரிகளை அப்படியே வைத்துக் கோடு போட்டால் கிடைப்பது இது:

```
R50.9   காய்ச்சல், காரணம் குறிப்பிடப்படவில்லை
E14.9   சர்க்கரை நோய், வகை குறிப்பிடப்படவில்லை
N19     சிறுநீரகச் செயலிழப்பு, வகை குறிப்பிடப்படவில்லை
```

கேள்விக்குறி போட்ட செல்லுலைட்டிஸ் இதில் வரவே இல்லை. ஆறு நாளும் வைத்தியம் நடந்ததே அதற்குத்தான்!

படி 1: முதல் வரியில் எதற்காகப் படுக்க வைத்தீர்கள் என்பதை எழுதுங்கள்

உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-10 விதிப்படி முதன்மை நோய் என்பது, சிகிச்சைக் காலத்தின் முடிவில் தீர்மானிக்கப்பட்ட, நோயாளிக்குச் சிகிச்சையோ பரிசோதனையோ தேவைப்பட்டதற்கு முக்கியக் காரணமான நோய். “முடிவில்” என்ற சொல்லைக் கவனியுங்கள். கேஷுவாலிட்டியில் முதல் பத்து நிமிடத்தில் தோன்றியதை எழுதும் இடம் வேறு. ஆறாவது நாள் உங்களுக்கு என்ன தெரியுமோ அதுதான் இங்கே வர வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், அட்மிஷன் ஷீட்டில் இருந்த வரி காப்பி ஆகி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்கு வந்துவிடுகிறது. முதல் நாள் இரவு “ஃபீவர் ஃபார் இவாலுவேஷன்” என்று எழுதியது சரிதான், அப்போது தெரியாது. இரண்டாம் நாள் காலையே டாக்டர் காலைப் பார்த்து செல்லுலைட்டிஸ் என்று முடிவு செய்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றியிருக்கிறார். சம்மரி மட்டும் முதல் நாள் இரவிலேயே நின்றுவிட்டது.

இதைச் சரிசெய்ய கோடருக்கு ஒரு சின்ன வாய்ப்பு உண்டு. முதன்மை நோய் என்று எழுதியிருப்பது வெறும் அறிகுறியாக இருந்து, அதற்குக் காரணமான நோயும் பதிவாகி அதற்கு வைத்தியமும் நடந்திருந்தால், அந்த நோயையே முதன்மையாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதி MB3 சொல்கிறது. ஆனால் இந்த ஃபைலில் செல்லுலைட்டிஸுக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி. ஐயத்தோடு எழுதிய நோயை இந்த விதியின்கீழ் உறுதியான நோயாக நான் ஏற்றிக்கொள்ள முடியாது. அந்த ஒரு குறி என் கையைக் கட்டிவிட்டது.

“ஃபார் இவாலுவேஷன்” என்ற இரண்டு சொல்லுக்கு கிளெய்மில் என்ன விலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் எல்லா ஹெல்த் பாலிசிகளிலும் ஒரே எண்ணோடு வரும் பொதுவான விலக்குகள் சில உண்டு. அதில் Excl04 என்பது, பரிசோதனைக்காகவும் கண்டறிதலுக்காகவும் மட்டுமே அட்மிட் ஆன செலவு கிடையாது என்பது. சம்மரியின் முதல் வரியே “கண்டறிவதற்காக” என்று சொன்னால், அந்த விலக்கை மருத்துவமனையே எடுத்துக் கொடுத்தது போல ஆகிறது.

படி 2: கேள்விக்குறியை எடுங்கள், அல்லது அது ஏன் இருக்கிறது என்று எழுதுங்கள்

டிஸ்சார்ஜ் நாளில் ஒவ்வொரு கேள்விக்குறிக்கும் மூன்றில் ஒரு பதில் இருக்கும். நோய் உறுதியானது, நோய் இல்லை என்று ஆனது, இன்னும் தெரியவில்லை. உறுதியானால் குறியை எடுத்துவிட்டு எந்த அடிப்படையில் உறுதியானது என்று ஒரு வரி சேருங்கள். இல்லை என்று ஆனால் டயக்னோசிஸ் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டு, சிகிச்சை விவரத்தில் “டாப்ளரில் ரத்தக் கட்டி இல்லை என்று தெரிந்தது” என்பது போல எழுதுங்கள். தெரியவில்லை என்றால் அதற்குத் தனி வழி உண்டு, கீழே படி 5-இல் வருகிறது.

இந்த இடத்தில் நானே சறுக்கியிருக்கிறேன். அமெரிக்க உள்நோயாளி கோடிங்கில், டிஸ்சார்ஜ் நேரத்தில் “ப்ராபபிள்”, “சஸ்பெக்டட்” என்று டாக்டர் எழுதினால் அந்த நோய் இருப்பதாகவே கொண்டு கோடு போட வேண்டும். அதற்கு அவர்களுடைய வழிகாட்டியில் தெளிவான விதி இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்த புதிதில், “ப்ராபபிள் என்டரிக் ஃபீவர்” என்ற ஃபைலுக்கு A01.0, அதாவது டைஃபாய்டு என்று போட்டேன். கூடவே இருந்த பிளட் கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. டிபிஏ-விலிருந்து வந்த கேள்வி: “டைஃபாய்டு என்பதற்கு ஆதாரம் என்ன?” உலக சுகாதார அமைப்பின் விதியும், கடைசி வரை சந்தேகமாகவே எழுதப்பட்டு, வேறு விளக்கம் எதுவும் கிடைக்காத முதன்மை நோயை இருப்பதாகவே கொண்டு கோடு போடச் சொல்கிறது. ஆனால் சம்மரி எழுதும் டாக்டருக்கு அது சொல்வது வேறு. உறுதியாகாத நோயை “இருக்கலாம்” என்று எழுதுவதைவிட, உறுதியாகத் தெரிந்த அறிகுறியையோ குறைபாட்டையோ எழுதச் சொல்கிறது. சென்னைப் பக்கம் அமெரிக்க புராஜெக்டில் பழகிவிட்டு உள்ளூர் மருத்துவமனைக்கு வரும் கோடர்கள் முதலில் மறக்க வேண்டியது, “ப்ராபபிள்” என்று பார்த்ததும் டாக்டரிடம் கேட்காமல் கோடு போடும் பழக்கத்தைத்தான்.

படி 3: நோயின் பெயருக்குப் பின்னால் எங்கே, எப்போதிலிருந்து, எதனால்

“எங்கே” என்பது எளிது. “லெக்” என்றால் போதாது, இடது காலா வலது காலா? உலக சுகாதார அமைப்பின் L03.1, விரல்களைத் தவிர்த்த கை கால் செல்லுலைட்டிஸ் எல்லாவற்றுக்கும் பொது, அதில் பக்கம் கிடையாது. ஆனாலும் சம்மரியில் இடது, டாப்ளர் ரிப்போர்ட்டில் வலது என்று இருந்தால் கேள்வி வரும். அறுவை சிகிச்சை ஃபைல் என்றால் கேட்கவே வேண்டாம்.

“எப்போதிலிருந்து” என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கும் சொல். பட்டறைக்காரரின் நான்காவது வரியைப் பாருங்கள்: ரீனல் ஃபெயிலியர். அது திடீரென வந்ததா, நாள்பட்டதா? ஐசிடி-10 இதற்கு மூன்று வீடு வைத்திருக்கிறது. திடீரென வந்தது N17, நாள்பட்டது N18, எது என்று சொல்லாவிட்டால் N19. அவருக்கு அட்மிஷன் அன்று கிரியாட்டினின் 2.3, மூன்றாம் நாள் 1.5, டிஸ்சார்ஜ் அன்று 1.0. காய்ச்சலும் தொற்றும் சேர்ந்து, சரியாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மூன்று நாள் வீட்டிலேயே கிடந்ததில் சிறுநீரகம் தற்காலிகமாகத் தடுமாறியிருக்கிறது. டிரிப்ஸ் ஏற்றியதும் மீண்டுவிட்டது. இது N17.9.

“ரீனல் ஃபெயிலியர்” என்று மொட்டையாக விட்டால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? சர்க்கரை நோய், கூடவே கிட்னி கோளாறு, ஆக வருடக்கணக்காக இருந்திருக்கும், பாலிசி எடுக்கும்போது மறைத்திருக்கிறார். மூன்று நாளில் வந்து ஆறு நாளில் போன ஒன்று, ஒரு சொல் விடுபட்டதால் பழைய நோயாகிவிடுகிறது. “அக்யூட் கிட்னி இன்ஜுரி, கிரியாட்டினின் 2.3-இலிருந்து 1.0-க்கு இறங்கியது” என்று எழுத அரை நிமிடம்கூட ஆகாது. எண்ணையும் சேர்த்து எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வெறும் பெயரை யாரும் கேள்வி கேட்கலாம், இறங்கிய எண்ணைக் கேள்வி கேட்பது கடினம்.

“எதனால்” என்பதில் அவசரம் கூடாது. சர்க்கரையும் செல்லுலைட்டிஸும் ஒருவருக்கே இருக்கின்றன என்பதால் ஒன்றால் மற்றொன்று வந்தது என்று ஆகிவிடாது. தொடர்பு உண்டு என்று டாக்டர் கருதினால் அந்தத் தொடர்பைச் சொல்லாக எழுத வேண்டும். இல்லை என்று கருதினால் தனித்தனி வரியாக வைக்க வேண்டும். இவருடைய காலில் இரும்புத் தகடு கீறிய புண் ஒன்று, கணுக்காலுக்கு மேலே. தொற்று அதன் வழியாகத்தான் ஏறியது என்பது கேஸ் ஷீட்டில் தெளிவாக இருந்தது. சம்மரியில் மட்டும் இல்லை.

“யூரோசெப்சிஸ்” என்ற சொல்லையும் இங்கேயே சொல்லிவிடலாம். அதை எழுதாதீர்கள். சிறுநீர்த் தொற்று மட்டுமா, அதிலிருந்து ரத்தத்துக்குப் பரவிய செப்சிஸா என்று அந்தச் சொல் சொல்வதில்லை. அமெரிக்க வழிகாட்டியே அதற்குக் குறியீடு கிடையாது, டாக்டரிடம் திரும்பக் கேள் என்கிறது. செப்சிஸ் என்றால் செப்சிஸ் என்றும், அது எந்த இடத்துத் தொற்றிலிருந்து வந்தது என்றும் எழுதினால் முடிந்தது.

படி 4: சர்க்கரை, பிரஷர் வரியை நீங்களே விசாரித்து எழுதுங்கள்

இந்தியக் கிளெய்ம்களில் அதிகம் அடிபடுவது இந்த வரிதான். அதனால் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஏற்கெனவே இருந்த நோய் என்பதற்கு, இன்சூரன்ஸ் துறையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஐஆர்டிஏஐ ஒரு வரையறை வைத்திருக்கிறது. பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் டாக்டர் கண்டறிந்த, அல்லது வைத்தியமோ ஆலோசனையோ பெற்ற நோய். அப்படிப்பட்ட நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருப்புக் காலம் வைக்கலாம். 2024-க்கு முன்பு இந்த இரண்டும் 48 மாதமாக இருந்தன. பாலிசியைத் தொடர்ந்து 60 மாதம் வைத்திருந்தால், மோசடி என்று நிரூபிக்காமல் பழைய நோயைக் காட்டி மறுக்க முடியாது. ஆக, இரண்டு வருடப் பாலிசிக்காரரின் சம்மரியில் “கேசிஓ டிஎம்” என்று இருந்தால், கிளெய்ம் பார்ப்பவர் கட்டாயம் கேட்பார்: எத்தனை வருடமாக?

கேசிஓ என்றால் ஏற்கெனவே தெரிந்த நோயாளி என்று பொருள். பட்டறைக்காரர் பாலிசி எடுத்து ஒரு வருடம் எட்டு மாதம் ஆகியிருந்தது. அட்மிஷன் அன்று சர்க்கரை 286, எச்பிஏ1சி 8.4. டாக்டரின் இரண்டாம் நாள் குறிப்பில் “புதிதாகக் கண்டறியப்பட்டது” என்றே இருக்கிறது. பிறகு கேசிஓ எங்கிருந்து வந்தது?

தேடிப்பார்த்தேன். நர்சிங் அசெஸ்மென்ட் ஷீட்டில் “டிஎம் – 3 வருடம்” என்று இருந்தது. டியூட்டி டாக்டர் அதைப் பார்த்து கேசிஓ என்று எழுதியிருக்கிறார். நர்ஸிடம் கேட்டேன். “அவங்க பையன்தான் சார் சொன்னாங்க” என்றார். மகனிடம் கேட்டால், “மூணு வருஷத்துக்கு முன்னாடி ஊர்ல கேம்ப் போட்டாங்க, அப்பா சுகர் டெஸ்ட் எடுத்தாங்க, நார்மல்னு சொன்னாங்க” என்கிறார். டெஸ்ட் எடுத்த மூன்று வருடம், நோய் இருக்கும் மூன்று வருடமாகிவிட்டது.

இதைக் கண்டுபிடித்ததும் நான் எதையும் திருத்தவில்லை. திருத்தவும் கூடாது. சிகிச்சை அளித்த டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் நோயாளியிடமும் மகனிடமும் மறுபடி விசாரித்தார். மாத்திரை சாப்பிட்டதுண்டா, பழைய சீட்டு ஏதாவது உண்டா, கேம்ப்புக்குப் பிறகு எங்காவது பார்த்தார்களா என்று கேட்டார். எதுவும் இல்லை என்று உறுதியான பிறகுதான் “டைப் 2 சர்க்கரை நோய், இந்த அட்மிஷனில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது, எச்பிஏ1சி 8.4” என்று எழுதினார்.

இதில் நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. 8.4 என்பது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் எண். ஆக, நோய் உடலுக்குள் முன்பே இருந்திருக்கும், அதை டாக்டரும் மறுக்க முடியாது. ஆனால் வரையறை கேட்பது, கண்டறியப்பட்டதா, வைத்தியம் பார்க்கப்பட்டதா என்பதைத்தான். அதனால் “மூன்று மாதமாக இருந்திருக்கலாம்” போன்ற ஊகத்தைச் சம்மரியில் எழுத வேண்டியதில்லை. எப்போது, எந்த டெஸ்டில் தெரிந்தது என்பது போதும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கிறது. கடுமையான தொற்றில் தற்காலிகமாகச் சர்க்கரை ஏறும். அப்போது எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தும், ஒரு ரேண்டம் சுகரை மட்டும் பார்த்து “டிஎம்” என்று எழுதிவிட்டால், அந்த மனிதர் அடுத்த பாலிசி வரைக்கும் இல்லாத நோயைச் சுமக்க வேண்டும்.

உண்மையிலேயே எட்டு வருடச் சர்க்கரை என்றால் எட்டு வருடம் என்றே எழுதுங்கள். நோயாளியின் உறவினர் வந்து “சார், அதை மட்டும் எடுத்துடுங்க” என்று கேட்பார்கள். எனக்கு வாரம் ஒரு முறையாவது இது நடக்கும். எடுத்தால் அது பொய் ஆவணம். மேலும் டிஸ்சார்ஜ் மருந்துச் சீட்டில் மூன்று வகை சர்க்கரை மாத்திரை இருக்கும்போது “புதிதாகக் கண்டறியப்பட்டது” என்று எழுதினால் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். அதோடு அந்த மருத்துவமனையின் எல்லா ஃபைல்களும் சந்தேகப் பட்டியலுக்குப் போகும்.

கால அளவை எழுதும்போது 3/12 என்ற பழைய சுருக்கத்தை விட்டுவிடுங்கள். டாக்டர்களுக்கு அது மூன்று மாதம். 3/52 மூன்று வாரம், 3/7 மூன்று நாள். டைப் அடிப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது. கையெழுத்தில் 3/12 என்று இருந்த பிரஷர், டைப் ஆகும்போது “3 இயர்ஸ்” ஆகி வந்த ஃபைலை நான் பார்த்திருக்கிறேன். “எச்/ஓ” என்பதும் அப்படித்தான். “எச்/ஓ டிபி” என்றால் முன்பு வந்து குணமானதா, இப்போது இருப்பதா? முழுச் சொல்லாக எழுதினால் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

படி 5: நோய் தெரியவில்லை என்றால் அதையும் நேர்மையாக, ஆனால் முழுதாக

எல்லா ஃபைலும் செல்லுலைட்டிஸ் போலத் தெளிவாக முடியாது. இரவு பதினொரு மணிக்கு நெஞ்சு வலி என்று 46 வயதுக்காரர் வருகிறார். வியர்வை, இடது கையில் பரவும் வலி, அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்திருக்கிறது. இசிஜி நார்மல், ட்ரோபோனின் இரண்டு முறையும் நெகட்டிவ், மறுநாள் எக்கோவும் ட்ரெட்மில்லும் நார்மல். 36 மணி நேரத்தில் வீட்டுக்குப் போகிறார். சம்மரியில் “செஸ்ட் பெயின் ஃபார் இவாலுவேஷன்”. கோடு R07.4, கிளெய்ம் Excl04-இல் போய் விழுகிறது.

இதற்கு “அன்ஸ்டேபிள் ஆஞ்ஜைனா” என்று பெயர் மாற்றி எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இல்லாத இதய நோய் அந்த மனிதரின் பதிவில் நிரந்தரமாக ஏறிவிடும், நாளைக்கு அவர் பாலிசியைப் புதுப்பிக்கும்போதும் மாற்றும்போதும் கூடவே வரும். எழுத வேண்டியது அவர் வந்த நேரத்து உண்மை. எந்த அறிகுறி, எந்த அபாயக் காரணி, அதனால் எந்த நோயைச் சந்தேகித்து கண்காணிப்பில் வைக்க வேண்டியிருந்தது, எந்த மருந்து கொடுக்கப்பட்டது, எந்தப் பரிசோதனைக்குப் பின் அந்தச் சந்தேகம் நீங்கியது. “மாரடைப்பு சந்தேகத்தில் கண்காணிக்கப்பட்டு, இல்லை என்று உறுதியானது” என்று டாக்டர் எழுதினால் அதற்கு Z03.4 என்று தனிக் குறியீடே இருக்கிறது. வெறும் நெஞ்சு வலியைவிட நடந்ததை அது சரியாகச் சொல்கிறது.

இப்படி எழுதியும் மறுக்கப்படலாம். சில மறுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் மேல்முறையீட்டுக்குப் போகும்போது அட்மிஷன் ஏன் அவசியமாக இருந்தது என்பது சம்மரியிலேயே இருந்தால் வாதாட ஏதாவது இருக்கும்.

படி 6: கோடர் கேள்வி கேட்கும் முறை

இனி கோடர்களுக்கு. டாக்டரிடம் “சார், ஏகேஐ-ன்னு எழுதிடுங்க, கிளெய்ம் பாஸ் ஆயிடும்” என்று சொல்லாதீர்கள். பதிலை நீங்கள் சொல்லிக்கொடுத்தால் அது விசாரணை ஆகாது. பணத்தைப் பற்றியே பேசக் கூடாது. ஃபைலில் இருக்கும் உண்மைகளை வைத்து, எல்லா வாய்ப்புகளையும் திறந்து விட்டுக் கேளுங்கள். பட்டறைக்காரரின் ஃபைலுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டு இது:

“டயக்னோசிஸில் ரீனல் ஃபெயிலியர் என்று உள்ளது. கிரியாட்டினின் முதல் நாள் 2.3, மூன்றாம் நாள் 1.5, ஆறாம் நாள் 1.0. இது எவ்வகை என்று குறிப்பிட இயலுமா: திடீரென வந்தது, நாள்பட்டது, நாள்பட்டதன்மேல் திடீரென வந்தது, வேறு ஏதாவது, தீர்மானிக்க இயலவில்லை.”

கடைசி இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். கேள்வியை ஃபைல் மருத்துவமனையை விட்டு வெளியே போகும் முன்பே கேளுங்கள். 2024 மே மாதத்து ஐஆர்டிஏஐ சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் அனுமதிக் கோரிக்கை கிடைத்த மூன்று மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி அனுமதி கொடுக்க வேண்டும். மங்கலான சம்மரியை அனுப்பினால் அந்த மூன்று மணி நேரமும் கேள்வியிலும் பதிலிலும் கரையும். நோயாளி பையைக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருப்பார்.

படி 7: அனுப்பும் முன் நான்கு காகிதத்தை ஒன்றாக வையுங்கள்

கேஷுவாலிட்டி குறிப்பு, நர்சிங் ஷீட், இன்சூரன்ஸ் முன் அனுமதி கேட்கும் ப்ரீ-ஆத் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி. நோயின் பெயர், எந்தப் பக்கம், எத்தனை நாள் என்ற மூன்றை மட்டும் ஒப்பிடுங்கள். ப்ரீ-ஆத்தில் “வைரல் ஃபீவர்” என்று போயிருந்து, சம்மரியில் செல்லுலைட்டிஸ் என்று வந்தால் அது குற்றமில்லை, நோய் பிறகுதான் தெளிவானது. ஆனால் எந்த நாளில் எதனால் தெளிவானது என்று சம்மரியில் ஒரு வரி இருக்க வேண்டும்.

தவறு கண்டால் பழைய தாளைக் கிழித்துப் புதிதாக எழுதாதீர்கள். டைப் பிழையோ விடுபட்டதோ எதுவானாலும், திருத்தக் குறிப்பாக, தேதி, நேரம், டாக்டர் கையெழுத்து, பதிவு எண்ணோடு, ஏன் திருத்தம் என்ற காரணத்தோடு சேருங்கள். பழையது படிக்கும்படியே இருக்க வேண்டும். கிளெய்ம் மறுக்கப்பட்ட பிறகு, அதே தேதியில் வேறு சொற்களோடு ஒரு “புதிய” சம்மரி போனால் அதை யாரும் நம்ப மாட்டார்கள், நம்பவும் கூடாது.

சரி, அந்த ஃபைல் கடைசியில் எப்படிப் போனது? டாக்டர் திருத்திக் கையெழுத்திட்ட டயக்னோசிஸ்:

இடது கால் செல்லுலைட்டிஸ், இரும்புத் தகடு கீறிய புண்ணைத் தொடர்ந்து. நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் 5 நாள்.
அக்யூட் கிட்னி இன்ஜுரி, தொற்றாலும் நீர்ச்சத்துக் குறைவாலும். கிரியாட்டினின் 2.3-இலிருந்து 1.0, முழுதாகச் சீரானது.
டைப் 2 சர்க்கரை நோய், இந்த அட்மிஷனில் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது, எச்பிஏ1சி 8.4.

```
L03.1   கை கால் செல்லுலைட்டிஸ்
N17.9   திடீர் சிறுநீரகச் செயலிழப்பு
E11.9   டைப் 2 சர்க்கரை நோய், சிக்கல்கள் இல்லாதது
```

அப்படியும் ஒரு கேள்வி வந்தது. நர்சிங் ஷீட்டில் அந்த மூன்று வருடம் அப்படியே இருந்ததே, அதை எப்படி அழிப்பது? சர்க்கரை எப்போது தெரிய வந்தது என்று சிகிச்சை அளித்த டாக்டரின் கடிதம் கேட்டார்கள். மகன் சொன்னது, நர்ஸ் எழுதியது, டாக்டர் மறுபடி விசாரித்தது என்று நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தோம். இரவு எட்டரைக்கு அனுமதி வந்தது.

மறுவாரம் நர்சிங் சூப்பரின்டென்டன்ட் அசெஸ்மென்ட் ஷீட்டை மாற்றினார். சர்க்கரை என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது மூன்று கேள்வி இருக்கிறது: டெஸ்ட் எடுத்தது எப்போது, நோய் என்று டாக்டர் சொன்னது எப்போது, மாத்திரை ஆரம்பித்தது எப்போது.